பவுச் டிசைனுக்கு ஆள் பிடிக்கும்போது: போனில் பேசி முடிப்பதா, மெயிலில் எழுதிக்கொள்வதா?

மண்டபத்தில் சின்ன அளவில் கருவாடு பாக்கெட் போட்டு விற்கிறேன். நெத்திலி, வாளை, சீலா என்று மூன்று வகை. ஒவ்வொன்றிலும் 100 கிராம், 250 கிராம். வெளியூர்க் கடைகளுக்கு அனுப்ப அச்சடித்த பவுச் தேவைப்பட்டது. அதற்காக இரண்டு ஃப்ரீலான்ஸ் டிசைனர்களிடம் இரண்டு விதமாக வேலை கொடுத்தேன். முதல் முறை போனிலும் வாட்ஸ்அப்பிலும் பேசி முடித்தேன். இரண்டாவது முறை, வேலை தொடங்கும் முன்பே என்ன வேலை, எவ்வளவு தொகை, எப்போது எவ்வளவு கொடுப்பது என்று மெயிலில் எழுதி, பதில் வந்த பிறகுதான் முன்பணம் போட்டேன். இனி முன்பின் தெரியாத புது ஆளிடம் நான் மெயில் இல்லாமல் வேலை கொடுக்க மாட்டேன்.

போன் வழியின் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும், அன்றைக்கே வேலை தொடங்கிவிடும், ஆளின் குரலைக் கேட்டால் ஒரு நம்பிக்கை வரும். பத்திரத்தாளில் ஒப்பந்தம் போடுவது மூன்றாவது வழி. பதினைந்தாயிரம் ரூபாய் வேலைக்கு அது பெரிய சுமை; கையெழுத்துக்குக் கூரியர் அலைவதற்குள் பாதி டிசைனர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் கடற்கரையில் வியாபாரம் பெரும்பாலும் வாய்ச்சொல்லில்தான் ஓடுகிறது. பாம்பனில் ஏலம் எடுக்கும்போது யாரும் எழுதிக்கொண்டு நிற்பதில்லை. அங்கே மீன் கண்ணெதிரே கிடக்கிறது. கூடை எத்தனை, மீன் எப்படி என்று இரண்டு பேருக்கும் தெரியும். டிசைன் அப்படி இல்லை. விலை பேசும் நேரத்தில் பொருளே கிடையாது. நான் மனதில் ஒன்றை வைத்துப் பேசுகிறேன், அவர் மனதில் வேறொன்றை வைத்துச் சரி என்கிறார்.

முதல் முறை நடந்தது இதுதான். நாத்தனார் மகன் சொன்ன ஒரு டிசைனர். போனில் “கருவாட்டுக்குப் பவுச் டிசைன் பண்ணணும்” என்றேன். 8,000 ரூபாய் என்றார். சரி என்று 4,000 அனுப்பினேன். பத்து நாளில் நெத்திலி 250 கிராமுக்கு நல்லதாகவே ஒன்று வந்தது. நான்கு தடவை திருத்தினோம். “மற்ற ஐந்தும் எப்போது தம்பி?” என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் கணக்கில் 8,000 என்பது ஒரு டிசைனுக்கு. என் கணக்கில் மூன்று மீன், இரண்டு அளவு, மொத்தம் ஆறு. வாட்ஸ்அப்பில் தேடினேன். நாற்பதுக்கு மேல் வாய்ஸ் மெசேஜ். ஒன்றில் நான் “மூணு மீனு, ரெண்டு அளவு” என்று சொல்லியிருந்தேன், ஆனால் அது முன்பணம் கொடுத்த பிறகு. அதற்கு அவர் போட்டிருந்தது ஒரு கட்டைவிரல் படம். அது ஆறுக்கும் சம்மதமா, கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தமா, யார் சொல்வது?

மீதி 4,000 கொடுத்து அந்த ஒன்றை வாங்கினேன். சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பினால், “பவுச்சின் மடிப்பு அளவுக்கு டிசைன் பொருந்தவில்லை, பி.டி.எஃப். வேண்டாம், ஓப்பன் ஃபைல் அனுப்புங்கள்” என்றார்கள். ஓப்பன் ஃபைல் என்றால் அச்சகமே திறந்து திருத்தக்கூடிய மூல ஃபைல். அதற்குத் தனியாக 2,500 என்றார் டிசைனர். அதோடு நிறுத்திவிட்டேன். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவர் பார்வையில் பி.டி.எஃப். அனுப்பியதும் வேலை முடிந்தது. என் பார்வையில் அச்சகம் ஃபைலை ஏற்றுக்கொண்டால்தான் முடிந்தது.

இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே உள்ள உண்மையான வித்தியாசம் இதில்தான் இருக்கிறது: வேலை எப்போது முடிந்ததாகக் கணக்கு என்பதை எந்த வழி நம்மை முன்கூட்டியே சொல்ல வைக்கிறது? போனில் அந்தக் கேள்வி வருவதே இல்லை, பேச்சு சுமுகமாகப் போய்விடும். எழுத உட்கார்ந்தால் “ஆறு பவுச்” என்று எழுதியதும், ஆறும் புதிதாக வரைவதா, ஒன்றை வரைந்து மற்றதில் பெயரையும் நிறத்தையும் மாற்றுவதா என்று கை தானாக நின்றுவிடுகிறது. முதல் முறை நான் யோசிக்காமல் விட்டது அதைத்தான்.

இரண்டாவது டிசைனர் மதுரைக்காரர். அவரிடமும் முதலில் போனில்தான் பேசினேன், அரை மணி நேரம். வைத்தவுடன், பேச்சு சூடு ஆறுவதற்குள் மெயில் எழுதினேன். பொருள் வரியில் “கருவாட்டுப் பவுச் 6 – வேலை, தொகை, தவணை” என்று போட்டேன். ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்க வேண்டும் அல்லவா. உள்ளே எழுதியது ஏறக்குறைய இது:

“தம்பி, வணக்கம். இன்று போனில் பேசியதை எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்தி அனுப்புங்கள்.

வேலை: நெத்திலி 250 கிராமுக்கு ஒரு மூல டிசைன், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும். அதிலிருந்து மீதி ஐந்து பவுச். அச்சகம் தரும் டைலைன், அதாவது பவுச்சை எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்று காட்டும் வரைபடம், அந்த அளவில் இருக்க வேண்டும். மூல டிசைனில் இரண்டு சுற்றுத் திருத்தம் தொகைக்குள் அடக்கம். மூன்றாவது சுற்றிலிருந்து சுற்றுக்கு 800. லேபிள் வாசகம், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், எடை, விலை எல்லாம் நான் டைப் செய்து தருவேன். போட்டோ எடுப்பது இதில் இல்லை.

தொகை: மூல டிசைன் 6,000, மற்ற ஐந்துக்குத் தலா 1,500 வீதம் 7,500, ஓப்பன் ஃபைல் 1,500. மொத்தம் 15,000. இதற்கு மேல் ஜி.எஸ்.டி. உண்டா?

தவணை: தொடங்கும் முன் 5,000. மூல டிசைனை நான் மெயிலில் ஒப்புக்கொண்ட இரண்டு நாளில் 5,000. ஆறும் அச்சகத்தில் சரி என்று சொன்னதும் 5,000, அன்றைக்கே ஓப்பன் ஃபைல்.

சம்மதம் என்றால் இதே மெயிலுக்குப் பதில் எழுதுங்கள். பதில் வந்ததும் முதல் 5,000 அனுப்புகிறேன்.”

ஜி.எஸ்.டி. கேள்வி சின்னதாகத் தெரியும். 18 சதவீதம் என்றால் 15,000-க்கு 2,700 ரூபாய். அவர் பதிவு செய்யாதவர், அதனால் 15,000-தான் முழுத்தொகை என்று பதில் வந்தது. பதிவு செய்தவராக இருந்து, கடைசி பில்லில் அந்த 2,700 தெரிந்திருந்தால் அங்கே ஒரு சண்டை.

பதிலில் அவரும் ஒரு திருத்தம் கேட்டார். “அக்கா, அச்சகம் சரி சொல்ல ஒரு மாதம் ஆனால் என் பணம் நிற்குமே. நான் ஆறு ஃபைலும் அனுப்பி 15 நாள் ஆகியும் அச்சகத்தின் பதில் வரவில்லை என்றால் கடைசித் தவணையைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அச்சகம் ஏதாவது அளவுத் திருத்தம் சொன்னால் இலவசமாகச் செய்து தருகிறேன்.” நியாயமான பேச்சு. போனில் இது அவர் வாயில் வந்திருக்காது. எழுத்தில் படித்தபோதுதான் தன் பணம் எங்கே மாட்டும் என்று அவருக்கும் தெரிந்தது. ஒப்புக்கொண்டு எழுதினேன், அவர் “சம்மதம்” என்று பதில் போட்டார், பணம் அனுப்பினேன். எல்லாம் ஒன்றரை நாள்.

தவணையைத் தேதியோடு கட்டாமல், கையில் வரும் பொருளோடு கட்டியது நன்றாக வேலை செய்தது. “மாதக் கடைசியில் பாதி” என்று பேசினால், மாதக் கடைசியில் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று வாதாட வேண்டி வரும். “மூல டிசைனை ஒப்புக்கொண்டதும்” என்றால், ஒப்புக்கொண்ட மெயில் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். இந்தப் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போய் மீன் வரத்து கூடுவதற்குள் எனக்குப் பவுச் வேண்டும். அதனால் ஜூன் 10 என்ற நாளை ஒரு வரியில் தனியாக எழுதினேன். பணத்தை அதோடு சேர்க்கவில்லை.

நடுவில் பாறைக் கருவாட்டுக்கும் ஒரு பவுச் தேவைப்பட்டது. அதே மெயிலின் கீழே “ஏழாவது, கூடுதல் 1,500, கடைசித் தவணையோடு” என்று ஒரு வரி. “சரி அக்கா” என்று ஒரு பதில். இந்த மாதிரிச் சேர்ப்புகளை வாட்ஸ்அப்பில் சொல்லிவிடத்தான் கை போகும். படம் பார்க்க, நிறம் காட்ட வாட்ஸ்அப் போதும். பணமோ எண்ணிக்கையோ மாறினால் மட்டும் மெயிலுக்கு வந்துவிடுவது என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

சட்டத்தில் மெயில் ஒசத்தி, வாட்ஸ்அப் மட்டம் என்று நினைக்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 10ஏ பிரிவு, மின்வழியில் நடந்த ஒப்பந்தம் என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போகாது என்கிறது. வாட்ஸ்அப்புக்கும் அது பொருந்தும். ஆனால் அங்கே பேச்சு நூறு துண்டாகச் சிதறிக் கிடக்கும், மறையும் மெசேஜ் போட்டிருந்தால் போயே போய்விடும். மெயிலில் ஏற்பாடு முழுவதும் ஒரே இடத்தில் இருக்கும், அவர் சம்மதம் அதற்கு நேர் கீழே இருக்கும். நான் இதை வைத்து வழக்கு எதற்கும் போனதில்லை. லட்சக்கணக்கில் வேலை என்றால் வக்கீலைக் கேட்டுத்தான் செய்வேன்.

மெயில் போதாத ஓர் இடமும் உண்டு, டிசைனின் உரிமை. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஃப்ரீலான்ஸர் வரைந்த லோகோ, பவுச் டிசைன் போன்றவை அப்படி இல்லை, வரைந்தவருக்கே சொந்தம். அதை நம் பெயருக்கு மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். அதனால் “கடைசித் தவணை கிடைத்ததும் உரிமையை மாற்றிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன்” என்ற வரியை மெயிலிலேயே சேர்த்துக்கொண்டேன். கடைசி 5,000-த்தையும் பாறைக்கான 1,500-ஐயும் அனுப்பிய அன்று, காலமும் இடமும் எழுதி ஒரு பக்கத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டு, ஓப்பன் ஃபைல் இருந்த பென் டிரைவோடு கூரியரில் அனுப்பினார்.

அச்சகத்திடமிருந்து ஜூன் 8 அன்று சரி வந்தது. சீலா 100 கிராமில் மட்டும் பின்பக்க எழுத்து மடிப்புக்குள் போயிருந்தது; டிசைனர் சொன்னபடி காசு வாங்காமல் மாற்றிக்கொடுத்தார்.