கார்ல் பிஷர் கரைசலின் வலிமையைக் காண: உப்பா, ஆம்பூலா, வெறும் நீரா?

ஒரு பொருளில் உள்ள நீரை அளக்கக் கார்ல் பிஷர் கரைசல் பயன்படுகிறது; அதன் ஒரு மில்லிலிட்டர் எத்தனை மி.கி. நீரோடு வினைபுரியும் என்பதே அதன் வலிமை. புட்டியின் மேல் "ஒரு மில்லிலிட்டருக்கு 5 மி.கி. நீர்" என்று அச்சிட்டிருந்தால், அதைக் கணக்கில் அப்படியே போட்டுவிடக் கூடாது. அயோடின், சல்ஃபர் டைஆக்சைடு, காரம் மூன்றும் ஒரே புட்டியில் இருக்கும் வகை, திறக்காமல் வைத்தாலும் மெல்ல வலிமை இழக்கும். திறந்தபின் காற்றின் ஈரமும் உள்ளே புகும். அறையின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் கரைசல் விரிந்து, வலிமை ஏறக்குறைய 0.1 சதவீதம் குறையும். மெத்தனாலில் ஒரு மூலக்கூறு நீருக்கு ஒரு மூலக்கூறு அயோடின் செலவாகிறது என்ற விகிதம் உறுதியானது. ஆனால் இன்று இந்தக் கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் எவ்வளவு அயோடின் மிஞ்சியிருக்கிறது என்பதை அளந்துதான் அறிய வேண்டும்.

அதற்கு, அளவு தெரிந்த நீரை ஏதாவது ஒரு வடிவில், மெத்தனால் உள்ள அளவீட்டுக் கலத்துக்குள் போட வேண்டும். பொதுவாக மூன்று வழிகள் உண்டு: வெறும் நீரைச் சிரிஞ்சால் விடுவது, ஒரு கிராமில் 10 மி.கி. நீர் உள்ள திரவத் தரப்பொருளை ஆம்பூலிலிருந்து எடுத்து விடுவது, சோடியம் டார்ட்ரேட் டைஹைட்ரேட் தூளை எடைபோட்டுப் போடுவது.

வெறும் நீரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதைவிடத் தூய பொருள் இல்லை, விலையும் இல்லை. சிக்கல் எடையில்தான். ஒரு தடவைக்குத் தேவைப்படுவது சுமார் 20 மி.கி.; தராசிலும் கையாளுதலிலும் 0.2 மி.கி. பிசகினாலே ஒரு சதவீதம் போய்விடும். ஊசி முனையில் தொங்கும் துளியும், ரப்பர் மூடியின் அடியில் ஒட்டிக்கொள்ளும் துளியும் அந்த அளவுக்குப் போதும். ஒரு மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கைக் காட்டும் தராசும் பழகிய கையும் இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் வேண்டாம்.

உண்மையான போட்டி உப்புக்கும் ஆம்பூலுக்கும் இடையேதான்.

சோடியம் டார்ட்ரேட்டின் பலம் அதன் நிலைத்தன்மை. சாதாரண அறையில் ஈரத்தை உறிஞ்சாது, தன் படிக நீரையும் விடாது. அதில் நீரின் பங்கு 15.66 சதவீதம்; இரண்டு நீர் மூலக்கூறின் எடையை உப்பின் மூலக்கூறு எடையான 230.08-ஆல் வகுத்தால் வருவது. 120 மி.கி. தூளில் ஏறக்குறைய 19 மி.கி. நீர் இருப்பதால், அதே 0.2 மி.கி. பிசகு இங்கே 0.17 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. தரப்பொருள் என்றாலே முதலில் அடுப்பில் உலர்த்தும் பழக்கம் சிலருக்கு உண்டு. இந்த உப்பை 150 பாகை செல்சியஸில் உலர்த்தினால் நாம் நம்பியிருக்கும் நீரே ஆவியாகிப் போய்விடும். பிறகு அது தரப்பொருளே அல்ல.

அதன் பலவீனம், மெத்தனாலில் மெதுவாகவும் குறைவாகவும் கரைவது. தூள் நைசாக இருக்க வேண்டும். போட்டபின் இரண்டு மூன்று நிமிடம் கலக்கிவிட்டுத்தான் அளவீட்டைத் தொடங்க வேண்டும். ஒரே மெத்தனாலில் மூன்று பகுதிக்கு மேல் போடாமல் மாற்றிவிடுவது நல்லது. எடைப்படகைக் கலத்தில் கவிழ்த்தபின் மீண்டும் எடைபோட்டு வித்தியாசத்தையே கணக்கில் எடுக்க வேண்டும். படகில் ஒட்டிய தூள் கலத்துக்குள் போகவில்லை அல்லவா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். 120.3 மி.கி. உப்பு போடுகிறோம், அதில் நீர் 18.84 மி.கி. செலவான கரைசல் 3.842 மி.லி. வகுத்தால் வலிமை 4.903. அடுத்து 131.5 மி.கி. உப்புக்கு 4.195 மி.லி., அதன்பின் 110.8 மி.கி. உப்புக்கு 3.544 மி.லி.; வலிமை முறையே 4.909, 4.896. சராசரி 4.903, சிதறல் 0.13 சதவீதம். இதை நம்பலாம். இப்போது 300.0 மி.கி. மாதிரிக்கு 2.990 மி.லி. செலவானால், நீர் 14.66 மி.கி., அதாவது 4.89 சதவீதம்.

இதே முதல் அளவீட்டில் உப்பில் ஐந்து சதவீதம் கரையாமல் அடியில் கிடந்தது என்று வையுங்கள். செலவு 3.650 மி.லி. ஆகக் குறையும், வலிமை 5.161 என்று வரும். கரைசல் உண்மையில் இருப்பதைவிட வலுவானதாகத் தோன்றும். மேலே சொன்ன 300.0 மி.கி. மாதிரி இப்போது 5.14 சதவீத ஈரம் காட்டும். வரம்பு 5.0 சதவீதம் என்றால், நல்ல சரக்கு தேர்ச்சி பெறாமல் போகிறது. மூன்று தடவையும் ஒரே அளவில் கரையாமல் நின்றால் சிதறல் சிறிதாகவே இருக்கும். ஆகவே சிதறலை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது. காட்டிக்கொடுப்பது டிரிஃப்ட், அதாவது முடிவுநிலையைத் தக்கவைக்க நிமிடத்துக்கு எவ்வளவு நீர் செலவுக் கணக்கில் ஏறுகிறது என்பது. தொடங்கும்முன் நிமிடத்துக்கு 15 மைக்ரோகிராமாக இருந்தது முடிந்தபின் 60-இல் நின்றால், ஏதோ ஒன்று இன்னும் கரைந்து நீரை விட்டுக்கொண்டிருக்கிறது.

டிரிஃப்டைக் கழிப்பதும் உப்புக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கலக்கும் நேரமும் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆனால், நிமிடத்துக்கு 20 மைக்ரோகிராம் என்ற நல்ல டிரிஃப்டிலும் 0.1 மி.கி. நீர் காற்றிலிருந்து வந்து சேரும். அது 18.84 மி.கி.-இல் அரை சதவீதம்.

ஆம்பூலுக்கு இந்தக் கரையும் தொல்லை இல்லை. திரவம் உடனே கலக்கும், அளவீடு சட்டென்று முடியும். ஒன்றரை கிராம் விடுவதால் எடைப்பிசகும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் உப்பு அமைதியாக இருக்கும் இடத்தில் இது அடங்காது. உடைத்த நொடியிலிருந்து காற்றின் ஈரத்தை உறிஞ்சத் தொடங்குகிறது. முதலில் சிறிதளவு இழுத்துச் சிரிஞ்சைக் கழுவிக் கொட்ட வேண்டும். பிறகு மீதி முழுவதையும் ஒரே மூச்சில் இழுத்து, ஊசி முனையை மூடி, விடுவதற்கு முன்னும் பின்னும் சிரிஞ்சை எடைபோட வேண்டும். பாதி ஆம்பூலை மதியத்துக்கு வைப்பது பணத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றலாம். முடிவைக் கெடுப்பதுதான் நடக்கும். ஈரம் ஏறிய திரவம் சான்றிதழில் உள்ளதைவிட அதிக அயோடினைத் தின்னும். வலிமை குறைவாக வரும். மாதிரியின் ஈரமும் குறைத்துக் காட்டும்.

இரண்டும் பிழைபடும் திசை எதிரெதிரானது என்பதே எனக்கு இந்த ஒப்பீட்டில் பிடித்த செய்தி. அளக்கும் மாதிரி தூளாக இருந்தால் நான் உப்பையே தேர்வேன்: எடைபோட்டுக் கொட்டுவது, கரையக் காத்திருப்பது, டிரிஃப்டைக் கழிப்பது என மாதிரி போகும் பாதை முழுவதையும் அது சோதிக்கிறது. எண்ணெயோ கரைப்பானோ அளப்பவருக்குச் சிரிஞ்சு வழியே போகும் ஆம்பூல் பொருத்தம். எதைத் தேர்ந்தாலும், புதுப் புட்டி திறக்கும் நாளில் மற்றதையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டின் விடைகளும் ஒரு சதவீதத்துக்கு மேல் விலகினால் சராசரி எடுத்துச் சமாளிக்காதீர்கள். உப்பின் வலிமை மேலே நின்றால் முதலில் கலத்தின் சுவரையும் அடியையும் பாருங்கள். பிறகு புது மெத்தனால் ஊற்றி, தூளை இன்னும் நைசாக அரைத்து, கலக்கும் நேரத்தைக் கூட்டி மீண்டும் போடுங்கள். அப்போது விடை இறங்கி வந்தால் குற்றவாளி உப்பு கரைந்த விதம். இறங்காமல் அங்கேயே நின்று, டிரிஃப்டும் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தால், சந்தேகம் ஆம்பூல் பக்கம் போகிறது. புதிதாக ஒன்றை உடைத்து, உலர்ந்த சிரிஞ்சில் எடுத்து, உடனே விட்டுப் பாருங்கள்.