கருமுட்டையை இப்போதே உறைய வைப்பதா, சினைப்பையை விட்டுவைப்பதா?

டெஸ்டோஸ்டிரோன் ஊசி தொடங்கப்போகும் திருநம்பியின் பெற்றோர் டாக்டரிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "இந்த ஊசி போட்டா இனிமே குழந்தையே பிறக்காதாமே?" பயம் புரிகிறது, ஆனால் அது தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் மாதவிலக்கை நிறுத்தும். சினைப்பைக்குள் இருக்கும் முட்டைகளை அழித்துவிடாது. மாதவிலக்கு நின்ற பிறகும் கர்ப்பம் தரித்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் அதைக் கருத்தடை என்று நம்பவும் கூடாது. கர்ப்பத்தின்போது அந்த ஊசி கருவுக்கு ஆபத்து. கதவை நிரந்தரமாக மூடுவது இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடும் அறுவை சிகிச்சைதான்.

திருநங்கைகளுக்கு இவ்வளவு அலசத் தேவையில்லை. ஈஸ்ட்ரோஜனும் ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையும் விந்தணு உற்பத்தியைக் குறைக்கும். நிறுத்தினால் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். எனவே தொடங்கும் முன்பே இரண்டு மூன்று முறை போய், ஒவ்வொரு முறைக்கும் முன் இரண்டு முதல் ஐந்து நாள் இடைவெளி விட்டு, விந்து கொடுத்து உறைய வைத்துவிடுவது நல்லது. மயக்க மருந்து இல்லை, செலவும் ஒப்பிட்டால் சிறியது. திருநம்பிக்குத்தான் கணக்கு சிக்கலானது.

முதல் வழி, முட்டையை எடுத்து உறைய வைப்பது. மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி, சுமார் 10 முதல் 14 நாள் தினமும் வயிற்றுத் தோலுக்கடியில் ஹார்மோன் ஊசி. நடுவில் முட்டை முன்கூட்டியே வெளியேறாமல் இருக்க இன்னொரு ஊசி. ஒருநாள் விட்டு ஒருநாள் போல ஸ்கேன். கடைசியில் முட்டையை முதிரவைக்கும் ஊசி. அதற்குச் சுமார் 36 மணி நேரம் கழித்து லேசான மயக்கத்தில் யோனி வழியாக ஊசி செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். முதிர்ந்த முட்டைகள் மட்டும் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் போகும்.

மருத்துவமாக இது கஷ்டமான வேலை இல்லை. திருநம்பிக்குக் கஷ்டம் வேறு இடத்தில். அந்த இரண்டு வாரமும் ஈஸ்ட்ரோஜன் ஏறும், மார்பு கனக்கும், முடிந்ததும் ரத்தப்போக்கு வரும். எதிலிருந்து விலக நினைக்கிறாரோ அதையே உடல் உரக்கச் சொல்வதுபோல் இருக்கும். இதைத் தணிக்க லெட்ரோசோல் மாத்திரை சேர்த்து ஈஸ்ட்ரோஜனைத் தாழ்வாக வைக்கலாம். யோனி வழி ஸ்கேன் தாங்க முடியாதென்றால், வயிற்றின் மேல் வைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்கலாம்; படம் அவ்வளவு தெளிவாக இருக்காது, ஆனால் பல சமயம் போதும். முன்கூட்டியே கேட்டால்தான் கிடைக்கும். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டுவிட்டால் வயிறு உப்பி, எடை மளமளவென்று ஏறி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கும். அப்படியானால் மறுநாள் வரை பார்க்காமல் உடனே போக வேண்டும்.

எத்தனை முட்டை போதும்? ஒரு 25 வயதுத் திருநம்பி என்று வைத்துக்கொள்வோம். 12 முட்டை எடுத்ததில் 9 முதிர்ந்தவை. பின்னாளில் உறைநீக்கும்போது 8 தேறும் என்று எடுப்போம். விந்தணு சேர்த்தால் ஏறக்குறைய 6 கருவாகும். அவற்றில் ஐந்தாம் நாள் வரை வளர்வது மூன்று இருக்கலாம். மூன்றும் குழந்தையாவதில்லை, ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றாலே அதிர்ஷ்டம். ஆக ஒரு குழந்தைக்கு நியாயமான வாய்ப்பு, இரண்டுக்கு இல்லை. 35 வயதுக்குள் இருப்பவர்கள் 15 முதல் 20 முதிர்ந்த முட்டை வரை சேர்க்கப் பார்ப்பது இதனால்தான். சிலருக்கு அது இரண்டு சுற்று. ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் ஒரு சுற்றில் எத்தனை வரும் என்பதை முன்கூட்டியே ஓரளவு காட்டும். இந்தியாவில் தனியார் மருத்துவமனையில் ஒரு சுற்றுக்குப் பொதுவாக ஒன்றரை லட்சத்துக்கு மேல், அப்புறம் ஆண்டுதோறும் சேமிப்புக் கட்டணம். அந்தக் கட்டணத்தை யார், எத்தனை ஆண்டு கட்டுவது என்று வீட்டில் இப்போதே பேசிவிடுவது நல்லது.

இரண்டாம் வழி, ஹார்மோனைத் தொடங்கிவிட்டு சினைப்பையை மட்டும் எடுக்காமல் வைத்திருப்பது. இப்போது எந்தச் செலவும் இல்லை, ஊசிக் கஷ்டமும் இல்லை. பிறகு வேண்டுமானால் டெஸ்டோஸ்டிரோனைச் சில மாதம் நிறுத்தி, மேலே சொன்ன அதே சுற்றைச் செய்யலாம். வெளியான ஆய்வுகள் சிறியவை. அவற்றில் ஹார்மோன் எடுத்தவர்களிடம் கிடைத்த முட்டைகளின் எண்ணிக்கை மற்றவர்களோடு ஒப்பிடக்கூடியதாகவே இருந்தது. குறை இரண்டு. சில ஆண்டு ஆண்குரலும் தாடியுமாக வாழ்ந்தவருக்கு ஹார்மோனை நிறுத்தி மாதவிலக்கை மீண்டும் சந்திப்பது முன்பைவிடக் கொடுமை. இரண்டாவது, வயது. 38-ல் எடுத்த முட்டை 25-ல் எடுத்ததுபோல் இருக்காது. ஹார்மோன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதேதான்.

மூன்றாவதாகச் சினைப்பைத் திசுவை உறைய வைப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள். அறுவை சிகிச்சையோடு சேர்த்தே முடிந்துவிடும் என்பதால் கவர்ச்சியாகத் தெரிகிறது. ஆனால் அந்தத் திசுவைப் பயன்படுத்த மீண்டும் உடலுக்குள் வைக்க வேண்டும், அது மறுபடி ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். ஒரு திருநம்பி அதற்கு ஒப்புவாரா? உடலுக்கு வெளியே திசுவிலிருந்து முட்டையை முதிரவைப்பது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. திசுவை உறைய வைப்பது புற்றுநோயாளிக்கு நல்ல வழி. இங்கே அதை மட்டும் நம்பிச் சினைப்பையை எடுக்க நான் சொல்லமாட்டேன். கருவாக உறைய வைப்பதும் உண்டு, ஆனால் அதற்கு இப்போதே விந்தணு யாருடையது என்று தீர்மானிக்க வேண்டும். பிரிந்துவிட்டால் கரு இருவரின் வழக்காகிவிடும்.

என் கணக்கு இது. கருப்பையையும் சினைப்பையையும் ஓரிரு ஆண்டில் எடுப்பதாக முடிவாகியிருந்தால், ஹார்மோனுக்கு முன்பே ஒரு சுற்று முடித்துவிடுவது நல்லது. முழுதுமே மூன்று நான்கு வாரத்துக்குள் முடியும். "ஒரு வருஷம் தள்ளிப்போடலாமே" என்று பெற்றோர் சொல்வதற்கு இது காரணமாகாது. அறுவை சிகிச்சை உறுதியில்லை, வயது முப்பதுக்குக் கீழே என்றால் இரண்டாம் வழி போதும். குழந்தையே வேண்டாம் என்று பிள்ளை தெளிவாகச் சொன்னால், பேரனுக்காக அந்த இரண்டு வாரத்தைச் சுமக்க வைக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இன்னொரு சிக்கல், மருத்துவத்தைவிடக் கடுமையானது. 2021-ன் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் மணமான தம்பதியையும் 21 வயதுக்கு மேற்பட்ட பெண்ணையும்தான் பேசுகிறது. திருநர் என்ற சொல்லை வைத்து வரி எழுதவில்லை. கேரளத்தில் ஒரு திருநம்பிக்கு முட்டை சேமிக்க மருத்துவமனை மறுத்து, அவர் உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. ஆவணத்தில் ஆண் என்று மாற்றிய பிறகு மறுப்பு வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதால், சேமிப்பை ஆவண மாற்றத்துக்கு முன் முடிப்பது எளிது. யார் சுமப்பது என்ற கேள்வியும் உண்டு. வாடகைத்தாய்ச் சட்டம் மணமான தம்பதிக்கும், 35 முதல் 45 வயதுள்ள விதவை, விவாகரத்தான பெண்களுக்கும் மட்டுமே வழி விடுகிறது. அதனால் சொந்தக் கருப்பை அல்லது மனைவியின் கருப்பை என்பதுதான் நடைமுறை யோசனை. திருநர் எதிர்பாலினத்தவரை மணப்பது செல்லும் என்பதை 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், அதில் கருப்பை மட்டுமா, கருப்பையும் இரு சினைப்பைகளுமா என்று எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். பல இடங்களில் இரண்டும் ஒரே வரியில் இருக்கும். சினைப்பையை விட்டுவைக்க நினைத்தால் அந்த வரியை அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டி மாற்றச் சொல்லுங்கள்.