சுருள்வாளின் கழுத்தில் விழுந்த மடிப்பு: ஏழு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

என்னோடு சிலம்பம் பயிலும் நண்பர் ஒருவர், தாமும் வளையும் எஃகுப் பட்டையாலான ஒரு சுருள்வாள் வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். என் வாளுக்குப் புதுப் பட்டை பொருத்திப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஏழு ஆண்டு உழைத்த பழைய பட்டை கெட்ட விதத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை என்பதால், அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது ஒற்றைப் பட்டை. ஐந்தடி நீளம், ஓர் அங்குல அகலம், ஒரு மில்லிமீட்டர் தடிமன். விளிம்பைத் தீட்டவில்லை. கேரளத்துக் களரியில் உறுமி என்று அழைக்கப்படும் இதை அங்கும் மற்ற ஆயுதங்கள் கைவந்த பிறகே கற்றுத் தருகிறார்கள். எங்கள் ஆசான், வாளைத் தருவதற்கு முன் அதே நீளத்துக்குக் கிழித்த வேட்டித் துணியை ஆறு மாதம் சுற்ற வைத்தார். துணி உடம்பில் பட்ட இடமெல்லாம் நாளை வாள் படப்போகும் இடம் என்பார்.

கம்பை நிறுத்த நினைத்தால் கை நிறுத்திவிடும். சுருள்வாளில் கை நின்றாலும் பட்டை நிற்பதில்லை. அதை நேராக வைத்திருப்பது சுழற்சியின் இழுவை மட்டுமே. கையையும் சேர்த்து நுனி ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆரத்தில் ஓடுகிறது என்று கொண்டால், வினாடிக்கு ஒரு சுற்று வரும்போது நுனியை அதன் எடையைப் போல் எட்டு மடங்கு விசை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். அதே சுற்றுக்கு இரண்டு வினாடி எடுத்தால் அந்த விசை எடையைப் போல் இரண்டே மடங்காகக் குறைந்துவிடும். பயந்து வேகத்தைக் குறைப்பவருக்கே பட்டை தலைக்கு மேல் தொய்ந்து தோளில் விழுவதன் காரணம் இதுதான்.

ஆகவே இடமும் வலமும் மாற்றிச் சுற்றும்போது, கை எங்கும் தயங்காமல் தலைக்கு மேலே வளைந்து திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் மணிக்கட்டு புரண்டு, விளிம்பே மீண்டும் முன்னே செல்லும்படி பிடியை அமைக்க வேண்டும். தட்டைப் பக்கம் முன்னே வந்துவிட்டால் அது காற்றைத் தள்ளத் தொடங்கும். சீராக இரைந்துகொண்டிருந்த பட்டை, தகரத்தை உதறியது போலப் படபடக்கும். அந்தச் சத்தம் கேட்ட உடனே வேகத்தைக் கூட்டி அடுத்த சுற்றில் சரிசெய்ய வேண்டுமே தவிர, கையை இழுக்கக் கூடாது. முடிக்கும்போதும் அப்படியே: உடம்பையும் அதன் போக்கில் திருப்பி, சுற்றைத் தாழ்த்திக்கொண்டே வந்து, நுனி தரையைத் தொட்டு ஓய விட வேண்டும்.

இத்தனையும் பட்டை நேராக இருக்கும் வரைதான். மூன்றாம் ஆண்டு ஒரு கோயில் திருவிழாவுக்குப் பேருந்தில் போகும்போது, பைக்குள் அடங்க வேண்டும் என்று பட்டையை இறுக்கிச் சுருட்டிக் கட்டினேன். இந்தத் தடிமனுள்ள பட்டையை ஒரு சாண் விட்டத்துக்கும் குறைவாகச் சுருட்டினால் எஃகு தன் எல்லையைத் தாண்டி வளைந்துவிடுகிறது. அவிழ்த்தாலும் முழுதாக நிமிர்வதில்லை. இடுப்பில் சுற்றினால் வளைவு பெரிது, கெடுவதில்லை. பிடிக்கு மேலே நான்கு விரற்கடை தூரத்தில் விழுந்த அந்த மடிப்பு கண்ணுக்குச் சிறிதாகத்தான் தெரிந்தது. ஆனால் வலப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு சுற்றிலும் நுனி என் காதுக்கு ஒரு சாண் நெருங்கி வந்தது. பிடியைப் பிடித்துப் பட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தபோதுதான், நுனி நேர்கீழே நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பது தெரிந்தது.

நான்கு ஆண்டு அதைக் கையால் ஈடுகட்டியே சுற்றினேன். கடைசியில் ஒரு பட்டறையில் நிமிர்த்தக் கொடுத்தேன். அவர்கள் அந்த இடத்தை நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் தட்டி நேராக்கித் தந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. இரண்டே நாளில் அதே இடம் ஈயத்தைப் போல மடிந்தது. வில் எஃகைச் சூடாக்கினால் பதம் போய்விடும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாமல் போனதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. மடித்துக் கெடுத்தது நான்தான் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் என் மடிப்போடு அது சுற்றியது, அவர்கள் திருத்திய பிறகு சுற்றவே முடியவில்லை.

புதுப் பட்டையில், வளைவு ஒரே இடத்தில் விழாமல் இருக்கப் பிடியின் வாயில் ஒரு சாண் நீளத் துணைப்பட்டையைச் சேர்த்து இரண்டு தறையாணிகளால் இறுக்கியிருக்கிறேன். துருவுக்குத் தேங்காய் எண்ணெய் போதும்.

ஏழு ஆண்டில் என் உடம்பில் மூன்று வடுக்கள்தான். அத்தனையும் முதல் ஆண்டிலேயே வந்தவை. கையிலிருக்கும் எந்த ஆயுதமும் எனக்கு இதைப் போல மகிழ்ச்சி தந்ததில்லை. இருந்தும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் வீட்டில் ஐந்தடிப் பட்டையைச் சுருட்டாமல் தொங்கவிட ஆணி அடிக்கும் அளவுக்கு ஒரு சுவர் காலியாக இல்லை.