பைசாவுல பத்துல ஒரு பங்குக்கு கிடைக்குதுன்னா அது சீப்பா? ஷிபா, டோஜ், பிட்காயின் ஒரு கணக்கு

அக்கா பையன் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறான். போன ஞாயித்துக்கிழமை வந்து "மாமா, பிட்காயின் ஒண்ணு வாங்கவே 80 லட்சம் வேணும், ஷிபா இனுன்னு ஒரு கிரிப்டோ காயின் பாருங்க, ஒரு பைசா கூட இல்ல, 5000 ரூபா போட்டா 50 லட்சம் காயின் வருது, எப்பவாச்சும் ஒரு ரூபா ஆனா போதும் 50 லட்சம் ரூபா"ன்னான். பெருக்கல் சரியாத்தான் இருக்கு. ஆனா காயினோட ஒரு பக்கத்தை மட்டும் பெருக்கிட்டு இன்னொரு பக்கத்தை பாக்காம விட்டுட்டான்.

அவன் சொன்ன விலையையே வச்சுக்குவோம், கணக்குக்கு சுலபமா ஷிபா 0.001 ரூபா, பிட்காயின் 80 லட்சம். இன்னைக்கு ரேட் கொஞ்சம் மாறியிருக்கும், அதனால கணக்கோட சாரம் மாறாது.

ஷிபா மொத்தம் சுமார் 589 லட்சம் கோடி காயின் புழக்கத்துல இருக்கு. நம்ம ஊர் எண்ணிக்கைல சொன்னாத்தான் இது உறைக்கும், டிரில்லியன்னு சொன்னா காதுல விழுந்து அந்தப் பக்கம் போயிடும். இப்போ ஒரு காயின் ஒரு ரூபா ஆகணும்னா மொத்த மதிப்பு 589 லட்சம் கோடி ரூபா ஆகணும். 2023-24ல இந்தியாவோட ஒரு வருஷ ஜிடிபியே சுமார் 300 லட்சம் கோடி ரூபாதான். அதாவது இந்தியா மொத்தமும் ஒரு வருஷம் உழைச்சு சம்பாதிக்கிறதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு மதிப்பு ஒரு நாய்ப்படம் போட்ட காயினுக்கு வரணும். ஒரு டாலர்னு சொல்றவங்களும் இருக்காங்க, அது 589 டிரில்லியன் டாலர், உலகத்தோட மொத்த வருஷ உற்பத்தியே அதுல கால்வாசி கூட தேறாது.

பிட்காயின் பக்கம் வாங்க. அதிகபட்சம் 2.1 கோடி காயின்தான், அதுக்கு மேல வராதுன்னு கோட்லயே எழுதியிருக்கு. ஒரு காயின் 80 லட்சமா தெரியறதுக்கு பாதி காரணமே அந்த சின்ன எண்ணிக்கைதான். ஆனா பிட்காயினையும் முழுசா வாங்கணும்னு யாரும் சொல்லல, ஒரு பிட்காயினை 10 கோடி துண்டா பிரிச்சு ஒவ்வொண்ணையும் ஒரு சடோஷின்னு சொல்றாங்க. 80 லட்சத்தை 10 கோடியால வகுத்தா ஒரு சடோஷி 0.08 ரூபா, எட்டு பைசா. பையனோட 5000 ரூபாக்கு 62,500 சடோஷி வரும். ஆப்ல விலையை சடோஷில காட்டியிருந்தா இவன் பிட்காயினையும் "சீப்"னுதான் சொல்லியிருப்பான்!

ஆக விலைங்கிறது மொத்தத்தை எத்தனை துண்டா வெட்டினாங்கன்னு மட்டும்தான் சொல்லுது. பீட்சாவை 8 துண்டா வெட்டினாலும் 800 துண்டா வெட்டினாலும் பீட்சா ஒண்ணுதான், 800 துண்டுல ஒண்ணு வாங்கினவன் கம்மி விலைக்கு வாங்கினான்னு சந்தோஷப்பட்டா என்ன செய்யறது.

இன்னும் நல்லா புரியணும்னா 2021ல நடந்ததையே பாக்கலாம். மே மாசம் டோஜ்காயின்ங்கிற இன்னொரு நாய்ப்படக் காயின் உச்சத்துல சுமார் 73 சென்ட். அக்டோபர் கடைசில ஷிபா உச்சத்துல சுமார் 0.000086 டாலர். விலையை பக்கத்துல பக்கத்துல வச்சா டோஜ் எட்டாயிரம் மடங்குக்கு மேல "காஸ்ட்லி". ஆனா அப்போ டோஜ் சுமார் 13 ஆயிரம் கோடி காயின், ஷிபா 589 லட்சம் கோடி காயின். பெருக்கிப் பாத்தா டோஜ் மொத்தம் 9000 கோடி டாலர் சொச்சம், ஷிபா 5000 கோடி டாலர் பக்கம். எட்டாயிரம் மடங்கு வித்தியாசம் ரெண்டு மடங்குக்கும் கீழ சுருங்கிடுச்சு.

ஷேர் மார்க்கெட்லயும் இதே கதைதான். நம்ம சென்னை எம்ஆர்எஃப் ஷேர் 2023 ஜூன்ல ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டுச்சு, அதே சமயம் வோடஃபோன் ஐடியா ஏழு, எட்டு ரூபா. எம்ஆர்எஃப்ல மொத்தமே சுமார் 42 லட்சம் ஷேர், வோடஃபோன் ஐடியால அப்போ 4,800 கோடிக்கு மேல. மொத்த மதிப்பு பாத்தா ரெண்டும் 35 ஆயிரம் கோடில இருந்து 42 ஆயிரம் கோடிக்குள்ள வந்து பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி நின்னுச்சு. ஆனாலும் நம்ம ஆளுங்க எட்டு ரூபா ஷேரைத்தான் "ஏற நிறைய இடம் இருக்கு"ம்பாங்க.

இதை காயின் போடறவங்க நல்லா தெரிஞ்சுதான் வச்சிருக்காங்க, அதனாலதான் இத்தனை சைபர். சேஃப்மூன்ங்கிற காயின் 2021 டிசம்பர்ல புது வெர்ஷனுக்கு மாறும்போது ஆயிரம் பழைய காயினுக்கு ஒரு புது காயின்னு குடுத்தாங்க, விலைல மூணு சைபர் காணாம போச்சு. கைல இருந்த பணம் அப்படியேதான், யாரும் பணக்காரன் ஆகல.

சரி, ஒரு நியாயமான கேள்வி இருக்கு. ஷிபா மொத்தமே இந்த கணக்குல 58,900 கோடி ரூபா, பிட்காயின் 160 லட்சம் கோடி ரூபா பக்கம், அப்போ சின்னது பத்து மடங்கு ஆகறது ஈசி இல்லையான்னு. ஆமா, கணக்குப்படி கொஞ்சம் ஈசிதான். ஆனா அதுக்கு காரணம் மொத்த மதிப்பு சின்னதா இருக்கறது, ஒரு காயின் விலைல சைபர் நிறைய இருக்கறது இல்ல. 2020, 2021 ஆரம்பத்துல ஷிபா வாங்கி லாபம் பாத்தவங்க இருக்காங்க, ஏன்னா அப்போ மொத்தமே துளியூண்டு. அதே சைபர்களோட இன்னைக்கு வாங்கறவன் வேற சரக்கை வாங்கறான்.

மொத்த மதிப்பும் பொய் சொல்லும், அதையும் சொல்லிடறேன். நான் இன்னைக்கு 100 லட்சம் கோடி காயின் உருவாக்கி ஒண்ணே ஒண்ணை உங்களுக்கு ஒரு ரூபாக்கு வித்தா, ஸ்கிரீன்ல என் காயினோட மார்க்கெட் கேப், அதாவது மொத்த மதிப்பு, 100 லட்சம் கோடி ரூபான்னு வரும். உண்மைல சந்தைக்குள்ள வந்தது ஒரு ரூபா. அதனால சப்ளையோட சேத்து, நிஜமா விக்கப்போனா வாங்க எவ்வளவு பணம் நிக்குது, அதான் லிக்விடிட்டி, அதையும் பாக்கணும்.

டோஜ்ல இன்னொரு சங்கதி, அதுக்கு உச்சவரம்பே கிடையாது. ஒரு நிமிஷத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளை எழுதற கணக்குல ஒரு பக்கம், பிளாக்குக்கு 10,000 காயின், வருஷத்துக்கு 500 கோடிக்கு மேல புதுசா வருது. பத்து சென்ட் விலைல வச்சாக்கூட, விலை ஏறாம அப்படியே நிக்கறதுக்கே வருஷாவருஷம் 50 கோடி டாலர் புதுப்பணம் அந்த புது காயினை வாங்கணும். பிட்காயின்ல புதுசா வர்ற காயினை பாதியா குறைக்கற ஹாவிங் 2024 ஏப்ரல்ல நடந்ததுக்கு அப்புறம் ஒரு நாளைக்கு சுமார் 450தான் புதுசா வருது.

இவ்வளவும் கேட்டுட்டு பையன் விடல. "ஆனா ஷிபால பர்ன் பண்றாங்களே மாமா, சப்ளை குறையும்ல"ன்னான். பர்ன்னா காயினை யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி அழிக்கிறது, குறையும்தான். 2021 மே மாசம் எத்தீரியம்ங்கிற கிரிப்டோவை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான விடாலிக் பியூடெரின் தனக்கு அனுப்பியிருந்ததுல 410 லட்சம் கோடி காயினை எரிச்சாரு, இன்னொரு 50 லட்சம் கோடியை இந்தியா கொரோனா நிவாரணத்துக்கு குடுத்தாரு. ஆரம்பத்துல 1000 லட்சம் கோடியா இருந்தது 590 பக்கம் வந்தது அப்படித்தான். அது ஒரே அடில ஒருத்தர் செஞ்சது. இப்போ தினமும் ஒரு கோடி காயின் எரியுதுன்னு வச்சுக்கோ, கேக்க பெருசாத்தான் இருக்கும். ஒரு லட்சம் கோடி எரிய ஒரு லட்சம் நாள், அதாவது கிட்டத்தட்ட 274 வருஷம். அப்புறமும் 588 லட்சம் கோடி பாக்கி இருக்கும்.

போனை எடுத்து தானே ஒரு தடவை வகுத்துப் பாத்தான்.