கிலோ விலை 40இன் மடங்கு, கால் கிலோவுக்கு எட்டுத் துண்டு: நான்கு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டது

எங்கள் இனிப்பு, காரக் கடையில் நான்கு ஆண்டுகளாக ஒரே ஏற்பாட்டில் விலை வைத்து வருகிறோம். உதிரியாக நிறுத்துக் கொடுப்பதற்குக் கிலோ விலை எப்போதும் 40இன் மடங்கு. பெட்டியில் கால், அரை, ஒரு கிலோ என மூன்றே அளவு. கணக்கை முழுதாக்குவது ஒரே ஓர் இடத்தில். இதில் எது நன்றாக வேலை செய்தது, எது காலை வாரியது என்பதை இங்கே எழுதுகிறேன். எண்களை எந்த நாணயத்துக்கும் பொருத்திக்கொள்ளலாம். கல்லாவில் தட்டுப்பாடில்லாமல் புழங்கும் சிறிய நாணயம் 5 என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் நாங்கள் செய்தது பெரும்பாலான கடைகள் செய்வதுதான். அடக்க விலை, கூலி, லாபம் எல்லாம் கூட்டி ஓர் எண் வரும். அதையே பலகையில் எழுதிவிடுவோம். ஓர் இனிப்புக்கு 617 வந்தது, 617 என்றே எழுதினோம். கால் கிலோ கேட்டவரிடம் 154.25 வாங்க வேண்டும். நான் 154 வாங்குவேன், தம்பி 155 வாங்குவான், கூட்ட நேரத்தில் யாராவது 150 வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ஒரே பொருளுக்கு ஒரே நாளில் மூன்று விலை.

40ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மக்கள் கேட்கும் எடைகள்தான். யாரும் 370 கிராம் கேட்பதில்லை. 50, 100, கால் கிலோ, அரைக் கிலோ, இவ்வளவுதான். கிலோ விலை 40இன் மடங்காக இருந்தால் கால் கிலோவின் விலை 10இன் மடங்காக வரும், அரைக் கிலோ 20இன் மடங்காக வரும், நூறு கிராமிலும் ஐம்பது கிராமிலும் பின்னம் வராது. 617ஐ 640 ஆக்கினோம்: கால் கிலோ 160, அரை 320, நூறு கிராம் 64, ஐம்பது கிராம் 32. விற்பனையில் நிற்கும் பிள்ளைகள் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார்கள்; தராசின் திரையைப் பார்க்காமலேயே விலை சொல்கிறார்கள். திரையில் வேறு எண் வந்தால் ஏதோ தவறு என்று உடனே தெரிந்துவிடுகிறது. நான் எதிர்பாராத லாபம் இதுதான்: வேறு பொருளின் கிலோ விலையைத் தவறுதலாக அழுத்திவிடும் பிழை வாடிக்கையாளர் கைக்குப் போகுமுன்பே பிடிபடுகிறது.

குறையும் உண்டு. 640க்கு அடுத்த படி 680, அதாவது 6 சதவீதத்துக்கும் மேலான ஏற்றம். மூலப்பொருள் 2 சதவீதம் ஏறினால் விலையைத் தொட முடியாது. பாதிப் படி, அதாவது 20, கடக்கும்வரை பொறுத்திருந்து மொத்தமாக ஏற்ற வேண்டும். பொறுக்கும் அந்த மாதங்களில் லாபம் தேய்கிறது. விலை மலிவான காரவகைகளுக்கு இந்த முறை சரிப்படவே இல்லை. கிலோ 240 உள்ள பொருளில் 40 என்பது ஆறில் ஒரு பங்கு. அவற்றுக்கு 20இன் மடங்கு வைத்தோம். 260 என்றால் கால் கிலோ 65, நூறு கிராம் 26, ஐம்பது கிராம் 13. அதற்கும் கீழே இறங்கி 10இன் மடங்கு வைத்தால் கால் கிலோவில் மறுபடியும் பின்னம் தலைகாட்டும்.

எங்கே முழுதாக்குவது என்பது அடுத்த கேள்வி. கிலோ விலையில் ஒருமுறை, ஒவ்வொரு பொருளின் தொகையில் ஒருமுறை, கடைசிக் கூட்டுத்தொகையில் ஒருமுறை என மூன்று இடத்திலும் முழுதாக்கிக்கொண்டிருந்தோம். நான்கு பொருள் வாங்கியவருக்கு நான்கு முறை மேலே ஏறியது. ஓர் அம்மா வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. இப்போது பலகையில் இருக்கும் கிலோ விலை முதலிலேயே முழுதானது. பொருள்வாரித் தொகையை அப்படியே விடுகிறோம். கூட்டுத்தொகையை மட்டும், அதுவும் ரொக்கமாகத் தந்தால் மட்டும், அருகிலுள்ள 5க்குக் கொண்டுபோகிறோம். கடைசி இலக்கம் 1, 2, 6, 7 என்றால் கீழே, 3, 4, 8, 9 என்றால் மேலே. நீண்ட காலத்தில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

தாராள மனத்தோடு எப்போதும் கீழேயே இறக்கிவிடலாமே என்று ஆரம்பத்தில் நினைத்தேன். ஒரு பில்லுக்கு 0 முதல் 4 வரை போகும், சராசரி 2. பில் 80 என்றால் அது இரண்டரை சதவீதம். அந்தத் தாராளத்தைக் கொசுறாக ஒரு துண்டு கையில் வைத்துக் கொடுத்தால் வாங்குகிறவர் மனத்திலாவது நிற்கும். சில்லறையில் விட்டுக்கொடுத்தது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

தராசும் தன் பங்குக்கு முழுதாக்குகிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. எங்கள் பழைய தராசின் தகட்டில் e = 5 g என்றும் குறைந்தபட்ச எடை 100 கிராம் என்றும் பொறித்திருந்தது. அதாவது அது ஐந்து ஐந்து கிராமாகத்தான் நகரும். 640 விலையில் ஒரு நகர்வுக்கு 3.20. “50க்குக் கொடுங்கள்” என்று பணத்தைச் சொல்லிக் கேட்பவருக்குச் சேர வேண்டியது 78 கிராம். தராசு 75 காட்டினால் 48, 80 காட்டினால் 51.20, நடுவில் எதுவும் கிடையாது. ஐம்பது கிராம் வாங்குபவர் விஷயத்தில் இந்தப் பிசகு இன்னும் பெரிது, அந்த எடை தகட்டில் சொன்ன குறைந்தபட்சத்துக்கும் கீழே. இரண்டாம் ஆண்டில் 2 கிராம் நகர்வுள்ள, 6 கிலோ வரை நிறுக்கும் சிறு தராசு ஒன்றை உதிரி விற்பனைக்கென்றே வாங்கினோம். அதன் குறைந்தபட்சம் 40 கிராம். பெரிய தராசு இப்போது ஒரு கிலோவும் அதற்கு மேலும் நிறுக்க மட்டும்.

இனிப் பெட்டி. எங்களுக்குப் பணம் ஒழுகிய பெரிய ஓட்டை இங்கேதான் இருந்தது.

துண்டு போடும் இனிப்பை ஒரு தட்டுக்கு 6 கிலோ ஊற்றி ஆறவிட்டு, அகலவாட்டில் 12, நீளவாட்டில் 15 என வெட்டுவோம். 180 துண்டு, ஒன்று 33 கிராம் சொச்சம். கால் கிலோப் பெட்டியில் ஏழு துண்டு வைத்தால் 233 கிராம், குறைவு. எட்டு வைத்தால் 267 கிராம். பாதித் துண்டைப் பெட்டியில் வைக்க முடியாதே, எட்டுதான் வைத்தோம். பெட்டிக்கு 17 கிராம் சும்மா போனது, கிட்டத்தட்ட 7 சதவீதம். விலையில் ஒன்றிரண்டுக்கு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள் இது நடந்துகொண்டிருந்தது.

தீர்வு பெட்டியிலோ விலையிலோ இல்லை, கத்தியில் இருந்தது. நீளவாட்டில் 15க்குப் பதில் 16 வெட்டினால் 192 துண்டு, ஒன்று 31.25 கிராம், எட்டு துண்டு சரியாக 250. முன்பு ஒரு தட்டில் 22 பெட்டியும் நான்கு துண்டும் தேறின. இப்போது 24 பெட்டி. துண்டு சிறுத்துவிட்டது என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் சரியாக 250 என்பதும் தவறு என்று முதல் வாரமே தெரிந்தது. தட்டின் ஓரத்துத் துண்டுகள் மெலிந்திருக்கும், நடுவில் இருப்பவை தடித்திருக்கும். சராசரி 250 என்றால் ஏறத்தாழப் பாதிப் பெட்டிகள் எடை குறைவாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு, ஈரப்பசையுள்ள இனிப்பு அலமாரியில் இருக்கும்போதே எடை இழக்கிறது. நாங்கள் நிறுத்துப் பார்த்த பெட்டி ஒன்று நான்கு நாளில் 3 கிராம் குறைந்திருந்தது. எனவே தட்டுக்கு 6.1 கிலோ ஊற்றுகிறோம். எட்டு துண்டு 254 கிராம் வருகிறது, காய்ந்த பிறகும் 250க்கு மேல் நிற்கிறது. ஓரத் துண்டு ஒரு பெட்டிக்கு இரண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது அடுக்குபவருக்கான விதி. ஒவ்வொரு தட்டிலும் பத்துப் பெட்டி நிறுக்கிறோம். சராசரி 250க்குக் குறையக் கூடாது, எந்தப் பெட்டியும் 241க்குக் கீழே போகக் கூடாது. அந்த 9 கிராம் நான் வைத்த எண் அல்ல. 200 முதல் 300 கிராம் வரையான பொட்டலங்களுக்குச் சர்வதேச சட்ட அளவியல் அமைப்பின் பரிந்துரை அனுமதிக்கும் குறைவு அது. உங்கள் ஊர் விதி கடுமையாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எடையெல்லாம் பெட்டியைக் கழித்த எடை. எங்கள் கால் கிலோ அட்டைப்பெட்டியின் வெற்று எடை 28 கிராம். பெட்டியோடு நிறுத்து 640 வீதம் வாங்கினால் அட்டைக்கே 18 வாங்கியதாகும். பெட்டி எங்களுக்கு அடங்குவதோ 8. அப்படி வாங்குவது லாபம்போலத் தோன்றும், கண்டுபிடிக்கப்படும் வரை. எனவே வெற்று எடையைத் தராசில் கழித்துவிட்டு, பெட்டிக்கென்று நேரடியாக ஒரு தொகை சேர்க்கிறோம்: காலுக்கு 8, அரைக்கு 12, கிலோவுக்கு 18.

640 உடன் கூட்டினால் 168, 332, 658 வரும். அருகிலுள்ள 5க்குக் கொண்டுபோனால் 170, 330, 660. இதில் ஒரு சங்கடம்: இரண்டு அரைக் கிலோப் பெட்டியும் ஒரு கிலோப் பெட்டியும் ஒரே விலையாகிவிட்டன. கிலோப் பெட்டியை 655 ஆக்கினோம். இப்போது ஒரு கிலோவுக்கு ஆகும் விலை காலில் 680, அரையில் 660, கிலோப் பெட்டியில் 655, உதிரியில் 640 என ஒழுங்காக இறங்குகிறது. விலை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த இறக்கத்தைச் சரிபார்க்கிறேன், ஏனென்றால் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். முன்பு கிலோ விலை 626 ஆக இருந்தபோது பெட்டி விலையை 10க்கு முழுதாக்கினோம். கால் 164.50 வந்து 160 ஆனது. அரை 325 வந்து 330 ஆனது. இரண்டு கால் கிலோப் பெட்டி 320, ஒரு அரைக் கிலோப் பெட்டி 330! விவரமானவர்கள் கால் கிலோவாகவே அள்ளிக்கொண்டு போனார்கள். கால் கிலோப் பெட்டி தீர்ந்து, அரைக் கிலோ அடுக்கு அசையாமல் இருந்ததைப் பார்த்த பிறகுதான் கணக்கைத் திருப்பிப் பார்த்தேன்.

காரவகைகளில் மட்டும் இந்த மூன்று அளவுகளை என்னால் நிலைநாட்ட முடியவில்லை. பொரித்த பண்டம் கனமில்லாமல் இடத்தை அடைக்கும். ஒரே பை கனமான கலவையில் 250 கிராம் கொள்ளும், மெல்லியதில் 150ஐத் தாண்டாது, அழுத்தினால் நொறுங்கும். மெல்லிய பண்டத்துக்கு 200 கிராம் பை என்று ஒரு பெரிய பையை வைத்திருக்கிறோம். பக்கத்தில் இருக்கும் 250 கிராம் பையோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம் என்பதற்காகப் பை விலைக்கு அடியில் கிலோ விலையையும் அதே அளவு எழுத்தில் அச்சிடுகிறோம். அதைப் படித்துவிட்டு உதிரியாகவே கொடுங்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொடுத்துவிடுகிறோம்.