சிங்க் குழாய் ஓட்டை: டர்பன் ஈரக்காற்றில் எந்த அடைப்பு நின்றது?

டர்பனின் சாட்ஸ்வர்த் பக்கத்து வீடுகளில் சமையலறையைப் புதுப்பிக்கும்போது, சிங்கின் கழிவுநீர்க் குழாய் சுவரைத் தாண்டி வெளியே போகும் இடம் எலிக்கு வழியாவதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. 50 மி.மீ. குழாய்க்கு 75 மி.மீ. ஓட்டை போடுவார்கள். குழாய் கீழே படிந்துவிடும். மேலே 25 மி.மீ. இடைவெளி நிற்கும். பெரிய எலிக்கே அது தாராளம். சுண்டெலிக்கோ 6 மி.மீ. போதும்.

ஃபோம் மட்டும் அடித்த இடங்கள் முதலில் தோற்றன. பார்க்க இறுகியிருந்தாலும் எலி அதைக் கொறித்துவிடுகிறது. அலமாரிக்குள் மஞ்சள் தூள் உதிர்ந்திருந்தால் அதுதான் அடையாளம். சாதாரண ஸ்டீல் வூலை எலி கடிக்காது. ஆனால் கடற்காற்றில் அது துருவேறி உதிர்ந்து, வெளிச்சுவரில் பழுப்புக் கோடாக வழிகிறது.

ஆண்டுக்கணக்கில் நின்றது, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் பின்னிய மெல்லிய வலை. 100 மி.மீ. அகலம், 400 மி.மீ. நீளத்தில் ஒரு துண்டை வெட்டிக் குழாயைச் சுற்றி, ஸ்க்ரூடிரைவரால் இறுக்கமாக உள்ளே திணிக்க வேண்டும். சுவர் முகப்பிலிருந்து 25 மி.மீ. ஆழம் காலியாக இருக்கட்டும். அதை ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல் கலவையால் நிரப்ப வேண்டும். கலவை குழாயை நேராகத் தொடக்கூடாது. சுடுநீர் போகும்போதெல்லாம் பீவிசி நீண்டு சுருங்குவதால், ஒட்டிய கலவையில் வெடிப்பு விழும். குழாயைச் சுற்றி 5 மி.மீ. இடைவெளி விட்டு, காய்ந்தபின் பாலியூரித்தேன் சீலன்ட் அடைத்தால் அது கூடவே நெளிந்து கொடுக்கும்.

சுவரின் இரு பக்கமும் இதைச் செய்ய வேண்டும். வெளியே மட்டும் அடைத்தால், இரட்டைச் சுவரின் நடு இடைவெளி வழியாக வேறெங்கிருந்தோ எலி வந்து அலமாரிக்குள் இறங்கும். அதனால் அலமாரி பொருத்துவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள். பிறகு கை நுழையாது.

அடைப்பதற்கு முன் ஓட்டையில் கசக்கிய செய்தித்தாளை லேசாகச் செருகி மூன்று இரவு பாருங்கள். தாள் நகர்ந்திருந்தால் எலி இன்னும் போய்வருகிறது. அதைப் பிடித்த பின்பே அடைக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே செத்து நாறும். முடித்தபின் இரவில் அலமாரிக்குள் டார்ச் அடித்து, வெளியே ஒருவரை நிற்க வையுங்கள். ஒளி தெரிந்தால் வழி இருக்கிறது.

பின்கதவின் அடி இடைவெளிக்கு அலுமினியப் பட்டையில் பதித்த தூரிகை நல்லது. வெறும் ரப்பரை எலி மூலையிலிருந்து கடித்துவிடுகிறது. காற்றோட்டத்துக்காகச் சுவரில் வைத்த துளைச் செங்கல்லை ஒருபோதும் மூடாதீர்கள், 6 மி.மீ.க்கும் சிறிய கண் உள்ள வலை போதும். கீசரின் அழுத்தம் வெளியேறும் குழாய்க்கு அந்த வலைகூடக் கூடாது. பூச்சி வருகிறதென்று அதன் வாயை அடைப்பது உயிருக்கே ஆபத்து. அதைச் சுற்றிய ஓட்டையை மட்டும் அடையுங்கள்.