நான்கு ஆண்டுகளாக பேயீசியன் உகப்பாக்கம்: ஓர் இம்பெல்லர் வடிவமைப்பாளரின் பயன்பாட்டு அனுபவம்

கோயம்புத்தூரில் ஆழ்துளைக் கிணறுகளுக்கான நீர்மூழ்கி பம்ப்களை வடிவமைப்பது என் வேலை. பம்ப்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் வடிவத்தைக் கணினியில் வரைந்து, நீரோட்டத்தைக் கணினியிலேயே கணக்கிடும் சி.எஃப்.டி. வழியாக அதன் திறனைக் கணக்கிட எங்கள் கணினிக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பிளேடு நுழையும் கோணம், வெளியேறும் கோணம், பிளேடு எவ்வளவு தூரம் சுற்றிவர வேண்டும் என்னும் சுற்றுக்கோணம், வெளிவாயின் அகலம், வெளிவிட்டம் ஆகிய ஐந்தையும் மாற்றலாம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்புகள் என்று எடுத்துக்கொண்டாலே 3,125 கணக்கீடுகள் வரும்; ஒரு வடிவமைப்புக்கு எனக்குக் கிடைப்பதோ நாற்பது, மிஞ்சிப்போனால் ஐம்பது. இந்த நெருக்கடிதான், குறைந்த கணக்கீடுகளில் சிறந்த வடிவத்தைத் தேடும் முறையான பேயீசியன் உகப்பாக்கத்துக்கு என்னைக் கொண்டுவந்தது.

அது வேலை செய்யும் விதம் எளிது. முதலில் பரவலாகப் பன்னிரண்டு வடிவங்களைக் கணக்கிடுகிறோம். அந்தப் பன்னிரண்டு விடைகளை வைத்து காஸியன் பிராசஸ் என்னும் பதிலி மாதிரி ஒன்றைப் பொருத்துகிறோம். இன்னும் கணக்கிடாத எந்த வடிவத்தைக் காட்டினாலும் அது நொடியில் இரண்டு எண்களைச் சொல்லும்: திறன் எவ்வளவு இருக்கும் என்ற ஊகம் ஒன்று, அந்த ஊகத்தில் தனக்கு எவ்வளவு ஐயம் என்பது மற்றொன்று. அடுத்த ஐந்து மணி நேரத்தை எந்த வடிவத்துக்குச் செலவிடுவது என்பதை இந்த இரண்டு எண்களும் சேர்ந்து முடிவு செய்கின்றன. 1998-இல் டொனால்ட் ஜோன்ஸ், மத்தியாஸ் ஷோன்லாவ், வில்லியம் வெல்ச் மூவரும் எழுதிய கட்டுரையால் பரவலான ‘எதிர்பார்க்கும் முன்னேற்றம்’ என்னும் அளவுகோலையே நானும் பயன்படுத்துகிறேன்.

ஒரு திட்டத்தின் நடுவில் வந்த நிலையைச் சொல்கிறேன். அதுவரை கிடைத்த சிறந்த திறன் 69.0 விழுக்காடு. ‘அ’ என்னும் வடிவம் அந்தச் சிறந்த வடிவத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. மாதிரியின் ஊகம் 69.2, ஐயம் 0.2. ‘ஆ’ யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் இருந்தது, ஊகம் 68.5தான், ஐயம் 1.2. முன்னேற்றம் கிடைக்கும் வாய்ப்பை மட்டும் பார்த்தால் ‘அ’வுக்கு 84 விழுக்காடு, ‘ஆ’வுக்கு 34 விழுக்காடு. ஆனால், கிடைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சராசரி எடுப்பதுதான் எதிர்பார்க்கும் முன்னேற்றம்; அது ‘அ’வுக்கு 0.22, ‘ஆ’வுக்கு 0.27 என்று வருகிறது. எனவே கணினி அன்றிரவு ‘ஆ’வைத்தான் கேட்டது. அதே ‘ஆ’வின் ஐயம் 1.2 இல்லாமல் 0.8 ஆக இருந்திருந்தால் அதன் மதிப்பு 0.13 ஆகக் குறைந்து, ‘அ’ வென்றிருக்கும். தெரிந்த இடத்தையே இன்னும் தோண்டுவதா, தெரியாத இடத்தைத் துழாவுவதா என்னும் தீர்ப்பு முழுவதும் அந்த ஐயத்தின் அளவில் தொங்குகிறது. ஊகம் சற்றுப் பிசகினால் ஓரிரவு போகும். ஐயம் பிசகினால் திட்டமே போகும் என்பதை நான் முதல் ஆண்டில் கற்றுக்கொண்டேன்.

அந்த ஆண்டில் பைத்தான் மொழிக்கான scikit-learn நூலகத்தின் GaussianProcessRegressor வகுப்புக்கு Matern கெர்னலையும் normalize_y=True என்பதையும் மட்டும் கொடுத்து, மற்றவற்றை இயல்பு அமைப்பிலேயே விட்டு ஓட்டினேன். அதில் alpha மதிப்பு 1e-10. அதாவது, கொடுக்கும் திறன் எண்களில் இரைச்சல் என்னும் தற்செயல் ஆட்டமே இல்லை என்று மாதிரி எடுத்துக்கொள்ளும். சி.எஃப்.டி. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடையைத்தானே தருகிறது, இரைச்சல் எங்கிருந்து வரும் என்று நானும் நினைத்தேன். உண்மையில் பிளேடின் கோணத்தை அரை டிகிரி மாற்றினாலும், கணக்கீட்டுக்காக நீர் ஓடும் இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் மெஷ் முழுவதும் புதிதாக உருவாகிறது, அதனால் திறன் சற்றே மேலும் கீழும் ஆடுகிறது. பக்கத்துப் பக்கத்து வடிவங்கள் இரண்டுக்கு 0.3 வித்தியாசம் வந்தபோது, மாதிரி அதை வடிவத்தின் விளைவு என்றே நம்பி, மேற்பரப்பு அவ்வளவு கரடுமுரடானது என்ற முடிவுக்கு வந்தது. ஒரு புள்ளியின் தகவல் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதைக் குறிக்கும் length_scale தன் கீழ்வரம்பில் போய் ஒட்டிக்கொண்டது. அதன்பின் எந்தப் புள்ளியிலிருந்தும் சற்று விலகினாலே “எனக்கு ஒன்றும் தெரியாது, சராசரி 66” என்பதுதான் அதன் பதில். எங்கும் ஐயம் ஒரே அளவில் இருந்ததால் பரிந்துரைகள் மூலைக்கு மூலை தாவின. பதினைந்து இரவுகள் கழித்துத்தான், நான் செய்துகொண்டிருந்தது குருட்டுத் தேடல் என்று புரிந்தது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கையில் இருக்கும் புள்ளிகளில் ஒன்றை மறைத்து, மற்றவற்றை வைத்து அதை ஊகிக்கச் சொல்ல வேண்டும். பிழையை மாதிரி சொன்ன ஐயத்தால் வகுத்தால், பெரும்பாலானவை -2க்கும் +2க்கும் இடையில் விழ வேண்டும். அதற்கு வெளியே பல விழுந்தால் மாதிரிக்குத் தன்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை. எனக்கு அந்தச் சோதனை தேறியதுபோலத் தெரிந்தது, ஆனால் எல்லா ஊகங்களும் 66ஐச் சுற்றியே நின்றன. ஆகவே வகுத்த எண்ணை மட்டும் பாராமல், ஊகத்தையும் உண்மையையும் எதிரெதிரே வரைந்தும் பார்க்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு திட்டத்தின் தொடக்கத்திலும் ஒரே வடிவத்தை ஐந்து வெவ்வேறு மெஷ்களில் ஓட்டி ஆட்டத்தை அளக்கிறேன். எங்களுக்கு அது 0.15 அளவில் வருகிறது. கணக்கிட்ட திறன் எண்களின் பட்டியலான y-இன் பரவலால் அதை வகுத்து, இருமடியாக்கி alpha-வில் கொடுக்கிறேன்.

```python
gp = GaussianProcessRegressor(
    kernel=ConstantKernel(1.0) * Matern([0.3]*5, (0.05, 3.0), nu=2.5),
    alpha=(0.15 / y.std())**2,
    normalize_y=True, n_restarts_optimizer=10)
```

இங்கே alpha-வுக்குப் பதில் kernel-உடன் WhiteKernel சேர்த்தும் இரைச்சலைக் கொடுக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் predict தரும் ஐயத்துக்குள் இரைச்சலும் சேர்ந்துவிடும். ஏற்கெனவே கணக்கிட்ட இடத்திலும் ஐயம் இறங்காததால், நிரல் சிறந்த புள்ளியையே மீண்டும் மீண்டும் கேட்கும். ‘இதுவரை சிறந்தது’ என்பதற்கும் கணக்கிட்ட எண்களில் பெரியதை எடுப்பதில்லை, அந்தப் புள்ளிகளில் மாதிரி ஊகிக்கும் மதிப்புகளில் பெரியதையே எடுக்கிறேன். அதிர்ஷ்டத்தால் உயர்ந்துவிட்ட ஓர் எண்ணைத் துரத்தி மற்ற நல்ல வடிவங்களை ஒதுக்கும் நிலை அதனால் தவிர்கிறது.

இன்னொரு பாடமும் விலை கொடுத்துக் கற்றதுதான். சுற்றுக்கோணம் பெரிதாகவும் வாயகலம் குறுகலாகவும் இருந்த சில வடிவங்களில் மெஷ்ஷே உருவாகவில்லை, நான் அவற்றுக்குத் திறன் 0 என்று எழுதிவைத்தேன். மற்ற எண்கள் எல்லாம் 62க்கும் 69க்கும் இடையில் இருக்க, நடுவே இந்தப் பூஜ்ஜியங்கள் விழுந்ததும் மாதிரியின் கண்ணுக்கு 68க்கும் 69க்கும் வேறுபாடே தெரியாமல் போயிற்று. அந்தப் பக்கமே அது மறுபடி போகவில்லை, பெரிய சுற்றுக்கோணம் உள்ள வடிவங்களே எங்கள் பம்ப்புக்குப் பொருத்தமானவை என்பது பின்னர்தான் தெரிந்தது. இப்போது தோல்வியடைந்த வடிவங்களைத் திறன் மாதிரிக்குக் கொடுப்பதே இல்லை. மெஷ் உருவாகுமா என்பதைத் தனி மாதிரி ஒன்று ஊகிக்கிறது. நீரேற்ற உயரம் குறைந்தபட்ச அளவை எட்டுமா என்பதை மற்றொன்று ஊகிக்கிறது. அந்த இரண்டு வாய்ப்புகளாலும் எதிர்பார்க்கும் முன்னேற்றத்தைப் பெருக்கிக்கொள்கிறேன்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு என்னிடம் உள்ள விதி கரடுமுரடானது. தேடல் வெளி முழுவதிலும் கிடைக்கக்கூடிய மிகப்பெரிய எதிர்பார்க்கும் முன்னேற்றம் மூன்று முறை தொடர்ந்து 0.05க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடுவேன். மெஷ்ஷின் ஆட்டமே 0.15 இருக்கும்போது அதற்கும் கீழே தேடுவதில் பொருளில்லை. மேலே சொன்ன திட்டம் 41-ஆவது கணக்கீட்டில் 70.1இல் நின்றது. அந்த இம்பெல்லரை வார்த்துச் சோதனைத் தொட்டியில் ஓட்டியபோது கிடைத்தது 68.7. எங்கள் சி.எஃப்.டி. அமைப்பில் இம்பெல்லருக்கும் உறைக்கும் இடையிலான கசிவைச் சேர்க்காமல் விட்டிருந்தோம். அதைச் சேர்த்த பின் ஒரு கணக்கீட்டுக்கு ஏழு மணி நேரம் ஆகிறது, பழைய 41 புள்ளிகளில் ஒன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை.